செப்டம்பரில் எந்தப் பணம் எப்போது வரும்?

எல்லாருக்கும் வணக்கம். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் கேன்டீனில் வந்து உட்கார்ந்திருக்கிறவர்களும் இருக்கிறீர்கள், ஏற்காட்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர்களும் இருக்கிறீர்கள், அதனால் முன்னுரை எல்லாம் வேண்டாம், நேராகப் பணத்துக்கே வருகிறேன். ஓய்வு பெறப் போகிறவர் பர்சனல் ஆபீசுக்குள் வந்தால் முதலில் கேட்பது "சார், மொத்தம் எவ்வளவு வரும்?" என்பதுதான். அந்த 'மொத்தம்' என்ற சொல்லில்தான் சிக்கல். கிராஜுவிட்டி, பி.எப்., பென்ஷன் என்று மூன்று தனித்தனிப் பணம் இருக்கிறது, அவை மூன்றும் ஒரே நாளில் வருவதில்லை, ஒரே இடத்திலிருந்தும் வருவதில்லை. மூன்றாவது மொத்தமாகவே வராது, மாதா மாதம் வரும்.

பெருமாள் என்று ஒரு ஆளைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஊர் ஓமலூர்ப் பக்கம். 1999 செப்டம்பர் 1-ஆம் தேதி வேலைக்குச் சேர்ந்தார், 2026 ஆகஸ்ட் 31-இல் 58 வயது முடிகிறது, அன்றைக்கே ஓய்வு. சரியாக 27 வருட சர்வீஸ். கடைசி மாதம் பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 24,700 ரூபாய். ஓவர்டைம், வீட்டு வாடகைப்படி எதையும் இதில் சேர்க்கவில்லை.

முதலில் கிராஜுவிட்டி. 24,700-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி 950. ஏன் 30 இல்லை என்று கேட்பீர்கள். மாதத்தில் வாரவிடுமுறை போக வேலை நாள் 26 என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது, அது நமக்குத்தான் லாபம். வருடத்துக்கு 15 நாள் கூலி, அதாவது 14,250. அதை 27-ஆல் பெருக்கினால் 3,84,750 ரூபாய். கடைசியில் ஆறு மாதத்துக்கு மேல் மிச்சம் இருந்தால் அது ஒரு முழு வருடமாகக் கணக்காகும், அதற்குக் குறைவு என்றால் விட்டுவிட வேண்டியதுதான். அப்ரண்டிஸாக இருந்த காலம் இதில் சேராது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனால் அப்ரண்டிஸ் சட்டப்படி தொழிலாளி இல்லை என்பதுதான் நிலைமை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. அதில் இந்த 15/26 கணக்கு மாறவில்லை, சம்பளம் என்றால் எது என்பதுதான் மாறியிருக்கிறது. படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியும் சம்பளமாகவே கணக்கில் வரும். பெருமாளின் பேஸ்லிப்பில் பேசிக்கும் டி.ஏ.வுமே பாதிக்கு மேல் இருப்பதால் அவருக்கு வித்தியாசம் இல்லை. இந்தப் பணம் கம்பெனி தர வேண்டியது, 30 நாளுக்குள் தர வேண்டும், ஆக செப்டம்பர் 30. தாமதமானால் வட்டி உண்டு. 20 லட்சம் வரை வரியும் கிடையாது. கடைசி மாதச் சம்பளமும் எடுக்காத லீவுக்கான பணமும் தனிக் கணக்கு, அவை இதற்கு முன்னாலேயே வந்துவிடும்.

அடுத்தது பி.எப். இது கம்பெனிப் பணம் இல்லை, பி.எப். அலுவலகம் உங்கள் பேங்க் கணக்கில் நேரடியாகப் போடுவது. எவ்வளவு என்று என்னைக் கேட்க வேண்டாம், உங்கள் பி.எப். பாஸ்புக்கே சொல்லும். ஆனால் பாஸ்புக்கைப் படிப்பதில்தான் முக்கால்வாசிப் பேர் தவறுகிறார்கள். அதில் மூன்று பத்தி இருக்கும். முதல் பத்தி உங்கள் சம்பளத்தில் பிடித்த 12 சதவீதம். இரண்டாவது கம்பெனி போட்டது. மூன்றாவது பென்ஷனுக்குப் போனது. கம்பெனியும் 12 சதவீதம்தான் போடுகிறது, ஆனால் அதிலிருந்து 8.33 சதவீதம் பென்ஷன் நிதிக்குப் போய்விடும், அதற்கும் 15,000 ரூபாய் சம்பளம் என்ற உச்சவரம்பு உண்டு, அதனால் மாதம் 1,250 ரூபாய். இந்த மூன்றாவது பத்தி உங்கள் கைக்கு மொத்தமாக வராது, அதற்கு வட்டியும் ஏறாது. மூன்றையும் கூட்டி, அந்தத் தொகையை நம்பி மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்தவரை நான் பார்த்திருக்கிறேன். முதல் இரண்டு பத்தியின் கடைசி வரியையும், வட்டியையும் மட்டும் பாருங்கள்.

இது எப்போது வரும்? ஆகஸ்ட் மாதச் சம்பளத்துக்கான பி.எப். தொகையைக் கம்பெனி கட்டக் கடைசி நாள் செப்டம்பர் 15. அது ஏறிய பிறகு நாங்கள் உங்கள் கணக்கில் வேலை முடிந்த தேதியைப் பதிவு செய்வோம், பிறகுதான் படிவம் 19 போட வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே போட்டால் கடைசி மாதத் தொகை வெளியே நின்றுவிடும், அதற்காக இன்னொரு தடவை அலைய வேண்டும். விண்ணப்பம் சரியாக இருந்தால் 20 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. ஆக அக்டோபர் முதல் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு இடத்தைக் கவனியுங்கள், வேலை முடிந்த காரணம் என்று ஒரு கட்டம் வரும். அதில் ஓய்வு என்று பதிவாக வேண்டும். வேலையை விட்டுவிட்டார் என்று விழுந்தால், நடுவில் வேலையை விட்டவருக்குரிய காத்திருப்புக் காலம் உங்கள் தலையில் ஏறும். அந்தக் கட்டத்தை நிரப்புவது எங்கள் வேலை, இருந்தாலும் நீங்களும் போனில் ஒரு தடவை பாருங்கள்.

இப்போது பென்ஷன். இங்கேதான் அதிகம் ஏமாற்றம். எல்லாரும் போடுகிற கணக்கு இது: 15,000-ஐ சர்வீஸ் வருடத்தால் பெருக்கி 70-ஆல் வகு. இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ் இருந்தால் இரண்டு வருடம் போனஸாகச் சேர்ப்பார்கள், அதனால் பெருமாளுக்கு 29. கணக்குப்படி 6,214 ரூபாய் வர வேண்டும். வராது. 15,000 என்ற உச்சவரம்பு 2014 செப்டம்பர் 1-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் 6,500. எனவே சர்வீஸை அந்தத் தேதியில் வெட்டி இரண்டாகப் பிரித்துத்தான் கணக்கிடுவார்கள். பெருமாளுக்கு 2014 ஆகஸ்ட் வரை 15 வருடம், அதற்குப் பிறகு 12 வருடம். முதல் பாகம் 6,500 பெருக்கல் 15, வகுத்தல் 70, வருவது 1,393. இரண்டாவது பாகம் 15,000 பெருக்கல் 12, வகுத்தல் 70, வருவது 2,571. கூட்டினால் 3,964. போனஸ் இரண்டு வருடத்தையும் இதே விகிதத்தில் சேர்த்தால் இன்னொரு 294. ஆக மாதம் ஏறத்தாழ 4,258 ரூபாய். நினைத்ததைவிடக் கிட்டத்தட்ட இரண்டாயிரம் குறைவு. டீக்கடையில் யாராவது ஆறாயிரம் வரும் என்று சொன்னால் வெட்டுத் தேதியைப் பற்றி அவரிடம் கேளுங்கள்.

இந்தத் தொகை வருடா வருடம் ஏறாது, இதற்கு டி.ஏ. கிடையாது. ஒரு பகுதியை மொத்தமாக வாங்கிக்கொள்ளும் வசதி 2008-லேயே போய்விட்டது. பெருமாள் இறந்துபோனால் மனைவிக்குப் பாதி வரும். உண்மைச் சம்பளத்தின் மேல் பென்ஷன் வேண்டும் என்று 2023 ஜூலைக் கெடுவுக்குள் விருப்பம் கொடுத்தவர்களுடைய கணக்கு வேறு, அவர்கள் கடிதத்தோடு என்னைத் தனியாகப் பாருங்கள்.

கேள்வி நேரத்துக்கு முன்னாலேயே ஒருவர் சீட்டில் எழுதி அனுப்பியிருக்கிறார்: "60 வயது வரை பென்ஷன் வாங்காமல் இருந்தால் கூடுமாமே?" கூடும், வருடத்துக்கு 4 சதவீதம். இரண்டு வருடத்துக்குப் பெருமாளுக்கு மாதம் 340 ரூபாய் கூடுகிறது. அதற்காக அவர் விட்டுக்கொடுப்பது 24 மாதப் பென்ஷன், ஒரு லட்சத்து இரண்டாயிரம். அந்த ஒரு லட்சத்தை மாதம் 340 என்று திரும்ப வாங்கி முடிக்க 25 வருடம் ஆகும், அப்போது அவருக்கு வயது 85. என்னைக் கேட்டால் 58-லேயே வாங்கிவிடுங்கள்.

பென்ஷனுக்குப் படிவம் 10-டி. இதில்தான் தேங்கும், காரணம் பெரும்பாலும் பெயரும் பிறந்த தேதியும். பள்ளி டி.சி.யை வைத்து நாங்கள் ரெஜிஸ்டரில் ஒரு தேதி எழுதியிருப்போம், ஆதாரில் முகாமில் யாரோ கேட்டு ஜனவரி 1 என்று அடித்திருப்பார்கள். ஒன்றில் 'மு. பெருமாள்', இன்னொன்றில் 'பெருமாள் முத்துசாமி'. கம்ப்யூட்டருக்கு இவர்கள் இரண்டு ஆள். பென்ஷன் 58 வயதில் ஆரம்பிப்பதால், தேதி மாறினால் ஆரம்ப மாதமே மாறிவிடும். திருத்த வேண்டும் என்றால் நீங்களும் கம்பெனியும் சேர்ந்து ஆன்லைனில் கூட்டு உறுதிமொழி கொடுக்க வேண்டும், அதற்கு டி.சி. போன்ற சான்று தேவை. ஓய்வுக்கு ஒரு மாதத்துக்கு முன்னால் ஆரம்பித்தால் நேரம் போதாது. பெட்டிக்குள் இருக்கிற டி.சி.யை இந்த ஞாயிற்றுக்கிழமையே தேடி எடுங்கள். தாமதமானாலும் பென்ஷன் நிலுவை விடுபடாது, 58 முடிந்த மறுநாளிலிருந்து கணக்குப் போட்டுச் சேர்த்துக் கொடுப்பார்கள். ஆனால் அதுவரை அரிசிக்கடைக்காரர் காத்திருக்க மாட்டார்.

இன்னொன்று. இங்கே வருவதற்கு முன்னால் நூல் மில்லிலோ வேறு பட்டறையிலோ நாலைந்து வருடம் வேலை பார்த்து, அந்த பி.எப்.பை எடுக்காமல் விட்டவர்கள் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, இத்தனை பேர். அந்தப் பழைய எண்ணை இப்போதைய யு.ஏ.என்.னுக்கு மாற்றினால் அந்த வருடங்கள் பென்ஷன் சர்வீஸில் சேரும். நாலு வருடம் 6,500 கணக்கில் மாதம் 371 ரூபாய், ஆயுள் முழுக்க. பென்ஷன் பணத்தையும் அப்போதே எடுத்துவிட்டவர்களுக்கு அந்த வருடங்கள் போனது போனதுதான். பழைய மில் மூடிப்போயிருந்தாலும் பரவாயில்லை, பி.எப். எண் எழுதிய பழைய சம்பளச் சீட்டு கிடைத்தால் கொண்டு வாருங்கள், அதை வைத்து சேலம் பி.எப். அலுவலகத்தில் கேட்கலாம்.

ஓய்வுக்கு அப்புறம் காண்ட்ராக்டில் வேலைக்குப் போகிறவர்களுக்கு: அங்கே பி.எப். பிடித்தாலும் உங்கள் பென்ஷன் நிற்காது. ஆனால் காண்ட்ராக்டர் உங்களைப் பென்ஷன் திட்டத்தில் புதிதாகச் சேர்க்கக் கூடாது, கம்பெனிப் பங்கு முழுவதும் பி.எப்.பில்தான் ஏற வேண்டும். முதல் மாதப் பாஸ்புக்கில் மூன்றாவது பத்தியில் ஏதாவது தொகை விழுந்திருந்தால் உடனே அவரிடம் சொல்லித் திருத்துங்கள்.

சரி, புதன்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து என் மேஜையில் இருப்பேன். ஆதார், டி.சி., பேங்க் பாஸ்புக், மனைவியோடு சேர்ந்து எடுத்த போட்டோ, இந்த நான்கும் போதும். ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கிறவர்கள் முதலில் வாருங்கள், மற்றவர்கள் அடுத்த வாரம்.