மணியைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள்

(பறவை ஆர்வலர் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)

தலைமை தாங்கும் கழகத் தலைவர் ஐயா அவர்களே, ஞாயிற்றுக்கிழமையையும் எங்களுக்காக விட்டுக்கொடுத்து வந்திருக்கும் வனச்சரக அலுவலர் அவர்களே, எப்போது கேட்டாலும் முகம் சுளிக்காமல் பள்ளி அரங்கைத் திறந்துவிடும் தலைமையாசிரியை அம்மா அவர்களே, நேற்று ராத்திரியே வந்து வயர் இழுத்த மைக்செட் தம்பி, எல்லாருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். படத்துக்குள் என்ன ஒளிந்திருக்கிறது, எந்த வழியில் அனுப்பினால் அதுவும் கூடப் போகிறது, கேமராவின் வரிசை எண்ணால் என்ன வம்பு. நேரம் போதுமா பார்ப்போம்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். செல்போன் படத்துக்கும் ஒரு மணி உண்டு. எக்ஸிஃப் என்று பெயர். ஜேபெக் கோப்பின் தலைப்பகுதியில், படத்துக்கு முன்னால், தகவலாக உட்கார்ந்திருக்கும். எடுத்த நாள், நொடி, போனின் மாடல், அப்புறம் இருப்பிடம் பதியும் வசதி திறந்திருந்தால் அட்சரேகை, தீர்க்கரேகை. ஒரு பாகையை 3600 பங்காக்கினால் ஒரு பங்குதான் விகலை; ஒரு விகலை அட்சம் என்றால் தரையில் ஏறக்குறைய 30 மீட்டர். போனோ விகலையையும் பின்னமாக்கி எழுதுகிறது.

என் கதையைச் சொல்கிறேன். கைவிட்ட கல்குவாரி ஒன்றில் கொம்பன் ஆந்தை, பாறைத் திட்டில் இரண்டு குஞ்சு. எதிர்க்கரையில் ஒரு மொட்டைப் பனையில் சாய்ந்துகொண்டு, தொலைநோக்கியின் கண்ணாடியில் போனை வைத்து எடுத்தேன். நல்ல படம், பெருமையாகத்தான் சொல்கிறேன். நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், வாட்ஸ்அப்பில் மங்கிப்போகுது, டாக்குமெண்ட்டா அனுப்புங்க." அனுப்பினேன். அவர் ஒரு குழுவில் போட்டார். அடுத்த ஞாயிறு குவாரியில் நாலு பைக், ஒரு கார். ஒருவர் முக்காலியோடு திட்டின்மேல் ஏறிவிட்டார். தாய் பறந்துபோய் எதிர்ப்பாறையில் உட்கார்ந்து அலகைத் தட்டுகிறது. "யார் தம்பி இடம் சொன்னது?" என்றேன். "யாரும் சொல்லலை சார், படமே சொல்லுச்சு" என்று போனை நீட்டினார். என் படம், கீழே வரைபடம், அதில் சிவப்புப் புள்ளி. புள்ளி கூட்டின்மேல் இல்லை, நான் சாய்ந்து நின்ற மொட்டைப் பனையின்மேல்! போன் நின்ற இடத்தைத்தான் அது எழுதும். ஆனால் அங்கே நின்று நேரே பார்த்தால் போதாதா? அடுத்த வாரம் ஒரு குஞ்சுதான் இருந்தது. மணியைக் கட்டியது நான்தான்.

பெரிய ஆட்களும் தப்பவில்லை. வைரஸ் தடுப்பு மென்பொருள் விற்றுப் பணக்காரரான ஜான் மெக்காஃபி, 2012 டிசம்பரில் பெலீஸ் போலீசுக்குத் தலைமறைவாக இருந்தபோது, ஒரு பத்திரிகை அவர் படத்தை இப்படியே வெளியிட்டது. அவர் குவாத்தமாலாவில் இருப்பதைப் படமே சொல்லிவிட்டது.

சரி, வழிக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிப் புதிதாக எழுதுகிறது, இருப்பிடம் உதிர்ந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால், மின்னஞ்சலில் இணைத்தால், டிரைவ் இணைப்பாகக் கொடுத்தால் மூலக்கோப்பு அப்படியே போகும். படப் போட்டிக்காரர்கள் கேட்பதும் இந்த மூலக்கோப்பைத்தான். ஐபோனில் பகிரும் பக்கத்தின் மேலே Options என்பதைத் தொட்டு Location-ஐ அணைக்கலாம். விண்டோஸ் கணினியில் கோப்பின் Properties, Details-க்குப் போய் Remove Properties and Personal Information. எக்ஸிஃப்டூல் என்று ஒரு மென்பொருளும் உண்டு, அதில் இப்படிக் கட்டளை கொடுக்க வேண்டும்:

```
exiftool -all= aandhai.jpg
```

இதில் ஒரு பொறி உண்டு. பழைய கோப்பை `aandhai.jpg_original` என்று பக்கத்திலேயே வைத்துவிடும். அவசரத்தில் கோப்புறையோடு சுருக்கி அனுப்பினால் மணியும் கூடவே போகும். படம் எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்ற குறிப்பும் அழிந்துபோவதால், சில படங்கள் சாய்ந்து நிற்கும். பதறாமல் திருப்பிக்கொள்ளுங்கள். அனுப்பும் கோப்பை இன்னொரு முறை திறந்து விவரம் பாருங்கள். வரைபடம் வரக்கூடாது.

இவ்வளவும் செய்தாலும், படத்தின் பின்னணியில் செல்போன் கோபுரமோ குவாரியின் வெட்டுமுகமோ தெரிந்தால் உள்ளூர்க்காரர் கண்டுபிடித்துவிடுவார். எக்ஸிஃப்டூல் கோபுரத்தை அழிக்காது. அதனால்தான் மூன்று வருடமாக நான் ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறேன், சிலருக்குச் சலித்தும் போயிருக்கும்: நம் கழகப் போட்டியில் பறவைக் கூடுகளின் படங்களை வாங்கவே கூடாது. மணி கட்டிய யானையை ஊருக்குள் ஓட்டிவிட்டு, மணியை மட்டும் கழற்று என்றால் எப்படி? இந்த வருடப் பரிசுப் பட்டியலில் இரண்டு கூடுகளின் படங்கள் இருக்கின்றன. பரிசு பெற்றவர்கள் கோபிக்கக்கூடாது, உங்கள் திறமையை நான் குறை சொல்லவில்லை.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வரிசை எண் விஷயம் அடுத்த கூட்டத்துக்கு. விதியை மாற்றக் கேட்கும் மனு தேநீர் மேசையில், வடைத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேனாவும் கட்டிவைத்திருக்கிறேன்.