அம்மாவின் மாத்திரைத் தாளை எங்கிருந்து படிப்பது?

[திரை: மேசைமேல் மூன்று அட்டைகள். பக்கத்தில் நான்காக மடித்த, எறும்பு எழுத்தில் அச்சான ஒரு தாள்.]

வணக்கம். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். பாதியில் தூக்கிப் போடுவோம், இல்லையென்றால் பயந்துபோய் மாத்திரையையே நிறுத்திவிடுவோம். நம் ஊர்த் தாள்கள் பலவற்றில் மேலேயே "பதிவு பெற்ற மருத்துவரின் உபயோகத்துக்கு மட்டும்" என்று ஆங்கிலத்தில் போட்டிருப்பார்கள். நமக்காக எழுதியது அல்ல. ஆனாலும் வீட்டில் பெரியவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் அதில் நான்கு இடங்களைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒரு உதாரணத்தோடு போவோம். அம்மாவுக்கு வயது 74, எடை 52 கிலோ. காலையில் ஒரு பிரஷர் மாத்திரை: டெல்மிசார்ட்டன் 40 மில்லிகிராமும் ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மில்லிகிராமும் சேர்ந்தது. சுகர் மாத்திரை காலையும் இரவும், சீட்டில் 1-0-1. இப்போது முட்டிவலி. பக்கத்துத் தெரு மருந்துக் கடையில் கேட்டு, அசெக்ளோஃபெனாக் 100, பாராசிட்டமால் 325 சேர்ந்த வலி மாத்திரை ஒரு அட்டை வாங்கியாயிற்று. இந்த மூன்றாவது அட்டையைப் பிரிப்பதற்கு முன் தாளில் என்ன பார்ப்பது?

[திரை: அட்டையின் பின்பக்கம், பெரிதாக்கி.]

முதலில் தாளே வேண்டாம். அட்டையைத் திருப்புங்கள். "ஒவ்வொரு மாத்திரையிலும் உள்ளது" என்று தொடங்கும் வரி இருக்கும். சுகர் மாத்திரையில் அந்த வரி இப்படிப் போகிறது: கிளிமெபிரைடு 1 மில்லிகிராம், மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம், சஸ்டெயின்டு ரிலீஸ் வடிவில். அதாவது ஒரே மாத்திரைக்குள் இரண்டு மருந்து. 1-0-1 என்றால் ஒரு நாளைக்கு கிளிமெபிரைடு 2, மெட்ஃபார்மின் 1000. எந்தத் தாளைப் படித்தாலும் இந்த மொத்தக் கணக்கைத்தான் ஒப்பிட வேண்டும், மாத்திரை எண்ணிக்கையை அல்ல.

இங்கேதான் அடிக்கடி தப்பு நடக்கிறது. ஒரே பிராண்டில் பெயருக்குப் பக்கத்தில் 1, 2 என்று எண் மட்டும் மாறி அட்டைகள் வரும். பெரும்பாலும் அந்த எண் கிளிமெபிரைடின் அளவு. கடையில் 1 இல்லை என்று 2 கொடுத்தால் மெட்ஃபார்மின் அதேதான், ஆனால் சுகரை இறக்கும் கிளிமெபிரைடு இரண்டு மடங்கு ஆகிவிடும். இன்னொன்று, கடைக்காரர் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது இந்த வரியும் காலாவதித் தேதியும் வெட்டுப்பட்ட பாதியோடு போய்விடும். அவை அச்சான பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மாத்திரை தீரும்வரை அந்தத் துண்டைக் கடைசியாகப் பிரிக்கலாம்.

"சஸ்டெயின்டு ரிலீஸ்", சுருக்கமாக எஸ்.ஆர்., என்று இருந்தால் மாத்திரையை உடைக்கவோ நசுக்கவோ கூடாது. மெதுவாகக் கரைய வேண்டிய மருந்து மொத்தமாக ஒரே நேரத்தில் இறங்கிவிடும். விழுங்கச் சிரமம் என்று சாதத்தில் பொடித்துக் கலந்து கொடுக்கும் வீடுகள் நிறைய உண்டு. விழுங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லி வேறு வடிவம் கேளுங்கள். அம்மா "மாத்திரை அப்படியே மலத்தில் வருது" என்றால் பயப்பட வேண்டாம். சில எஸ்.ஆர். மாத்திரைகளில் மருந்து இறங்கியபின் வெறும் கூடு அப்படி வெளியே வரும். தாளிலேயே அதைக் குறிப்பிட்டிருப்பார்கள்.

[திரை: தாள் விரிகிறது. "பொசாலஜி" என்ற தலைப்பில் வட்டம்.]

இனி தாள். "பொசாலஜி" என்ற தலைப்பைத் தேடுங்கள். டோஸ் என்பதற்குத் தாளின் பாஷை அது. உள்ளே பெரியவர்களுக்கான பொது அளவை விட்டுவிட்டு, "எல்டர்லி", "ரீனல்" என்ற இரண்டு சொற்களுக்குக் கீழே மட்டும் படியுங்கள். முதலாவது முதியவர், இரண்டாவது சிறுநீரகம். மெட்ஃபார்மின் தாளில் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை வைத்து அளவு பிரித்திருப்பார்கள். ரத்தப் பரிசோதனை அறிக்கையில் இஜிஎஃப்ஆர் என்று வரும் எண் அதுதான். 45 முதல் 59 வரை என்றால் ஒரு நாளைக்கு அதிகபட்சம் 2000 மில்லிகிராம், 30 முதல் 44 வரை என்றால் 1000, 30-க்குக் கீழே போனால் கொடுக்கவே கூடாது.

அம்மாவின் அறிக்கையில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, 1.1. பல லேப்களில் பெண்களுக்கு இது நார்மல் எல்லைக்குள்தான் வரும், தடித்த எழுத்தில்கூடப் போட மாட்டார்கள். ஆனால் 74 வயதுப் பெண்ணுக்கு அந்த 1.1-ஐ இஜிஎஃப்ஆர் ஆக மாற்றினால் சுமார் 53. இளம் வயதில் 90-க்கு மேல் இருக்கும் எண் இது. "கிரியாட்டினின் நார்மல்தானே" என்று விட்டுவிடுவது இதனால்தான் ஆபத்து. அறிக்கையில் இஜிஎஃப்ஆர் இல்லையென்றால் லேபில் கேளுங்கள். சில தாள்கள் இதற்குப் பதில் "கிரியாட்டினின் கிளியரன்ஸ்" என்று கேட்கும். அது எடையையும் சேர்த்துப் போடும் வேறு கணக்கு. ஒல்லியான முதியவருக்கு அது இன்னும் குறைவாக வரும், அதனால் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

53 என்பதால் அம்மாவின் 1000 மில்லிகிராம் மெட்ஃபார்மின் இப்போதைக்கு எல்லைக்குள் இருக்கிறது. இந்த 53-ஐ நினைவில் வையுங்கள்.

[திரை: "இன்டராக்‌ஷன்" தலைப்பு.]

அடுத்தது "இன்டராக்‌ஷன்", அதாவது ஒரு மருந்து இன்னொன்றோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்ற பகுதி. வலி மாத்திரையின் பிராண்ட் பெயரைப் பிரஷர் மாத்திரைத் தாளில் தேடினால் கிடைக்காது. அசெக்ளோஃபெனாக் என்று தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. தேடிப் பார்த்தேன், ஒன்றும் போடவில்லை, எனவே பிரச்சினை இல்லை என்று முடிவுக்கு வருவது இங்கேதான். தாள் மருந்துகளைப் பெரும்பாலும் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடும்.

குடும்பப் பெயர் எங்கே கிடைக்கும்? அதே மருந்தின் தாளில், மருந்து வேலை செய்யும் விதத்தைச் சொல்லும் பகுதியின் முதல் வரியில், "பார்மகோதெரப்யூடிக் குரூப்" என்ற சொல்லுக்குப் பக்கத்தில். ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டெல்மிசார்ட்டன்: ஆஞ்சியோடென்சின் ரிசெப்டார் பிளாக்கர். ஹைட்ரோகுளோரோதயசைடு: தயசைடு டையூரெடிக், அதாவது நீர் மாத்திரை. கிளிமெபிரைடு: சல்ஃபோனைல்யூரியா. அசெக்ளோஃபெனாக்: என்எஸ்ஏஐடி, அதாவது ஸ்டீராய்டு அல்லாத வலி, வீக்க மாத்திரை. இப்போது டெல்மிசார்ட்டன் தாளில் என்எஸ்ஏஐடி என்று தேடுங்கள். பளிச்சென்று அகப்படும். வலி மாத்திரை பிரஷர் மருந்தின் வேலையைக் குறைக்கலாம், உடலில் நீர் வற்றியவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்த முதியவர்களுக்கும் சிறுநீரகம் திடீரெனச் செயலிழக்கவும் கூடும் என்று எழுதியிருக்கும்.

ஏன் என்று புரிந்தால் மறக்காது. சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். வடிகட்ட உள்ளே அழுத்தம் வேண்டும். வலி மாத்திரை வரும் குழாயைச் சுருக்குகிறது. டெல்மிசார்ட்டன் போகும் குழாயை விரிக்கிறது. நீர் மாத்திரை மொத்த நீரையே குறைக்கிறது. வருவது குறைந்து, போவது தாராளமாகி, தொட்டியிலும் தண்ணீர் இல்லையென்றால் வடிகட்டியில் அழுத்தம் எங்கிருந்து வரும்? இந்த நிலையில் இரண்டு நாள் பேதியும் சேர்ந்தால் அந்த 53 சில நாட்களில் 30-க்குக் கீழே போகலாம். மெட்ஃபார்மின் வெளியேறும் ஒரே வழி சிறுநீரகம். அது தேங்கினால் ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேரும் அபாயம். அதனால்தான் கடும் வாந்தி, பேதி, காய்ச்சலில் தண்ணீர் குடிக்க முடியாமல் போனால் மெட்ஃபார்மினைத் தற்காலிகமாக நிறுத்தி மருத்துவரைத் தொடர்புகொள்ளச் சொல்கிறது அதன் தாள்.

டெல்மிசார்ட்டன் தாளின் இதே பகுதியில் பொட்டாசியம் என்ற சொல்லையும் பாருங்கள். பிரஷருக்கு நல்லது என்று வாங்கும் குறைந்த சோடியம் உப்பில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். டெல்மிசார்ட்டனோடு அது சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் குழப்பலாம். சமையலறையில் இருப்பதால் இதை மருத்துவரிடம் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை.

[திரை: "அன்டிசையரபிள் எஃபெக்ட்ஸ்" தலைப்பு.]

பக்கவிளைவுப் பகுதியைப் பார்த்துத்தான் பலர் மிரள்வது. அதில் உள்ள சொற்களுக்கு எண் அர்த்தம் உண்டு. "வெரி காமன்" என்றால் பத்தில் ஒருவர் அல்லது அதற்கு மேல். "காமன்" என்றால் நூற்றில் ஒருவரிலிருந்து பத்தில் ஒருவர் வரை. "ரேர்" என்றால் ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. முதல் இரண்டை நிதானமாகப் படியுங்கள். மற்றதில் உயிருக்கு ஆபத்தானவற்றின் அறிகுறியை மட்டும் குறித்துக்கொண்டால் போதும்.

ஆனால் முதியவர்களிடம் பக்கவிளைவு வயோதிகம் போல வேஷம் போடும். எழுந்ததும் தலைசுற்றல், இந்தப் பிரஷர் மாத்திரையின் தாளில் "காமன்" வரிசையில் இருப்பது. பாதம் மரத்துப்போவதைச் சுகர் நரம்பு வியாதி என்று விட்டுவிடுவோம். மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம், அதனாலும் மரக்கும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எல்லாவற்றையும்விட அவசரமானது கிளிமெபிரைடின் தாழ்சுகர். வேர்வை, நடுக்கம் இல்லாமல், சம்பந்தமில்லாத பேச்சும் குழப்பமும் மட்டும் வரலாம். உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்து, விழுங்கும் அளவு நினைவு இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. இந்த மருந்தில் சுகர் சில மணி நேரம் கழித்து மீண்டும் இறங்கலாம். அதனால் சாப்பிட வைத்து, மருத்துவரிடமும் சொல்லுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். காலை டோஸை மறந்துவிட்டால் இரவில் இரண்டாகக் கொடுக்கக் கூடாது, சாப்பாட்டைத் தவிர்க்கும் வேளையில் இந்த மாத்திரையைக் கொடுக்கலாமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் தாள் இல்லையென்றால் medicines.org.uk/emc என்ற பிரிட்டன் தளத்தில், நோயாளிகளுக்கென்று எளிய ஆங்கிலத்தில் எழுதிய தாள்கள் கிடைக்கும். பிராண்ட் பெயரைப் போடாமல் மருந்துப் பெயரைப் போடுங்கள். நம் ஊர்க் கூட்டு மாத்திரைகள் பல அங்கே இருக்காது, அதனால் கிளிமெபிரைடை ஒரு முறை, மெட்ஃபார்மினை ஒரு முறை எனத் தனித்தனியாகத் தேட வேண்டும்.

[திரை: கையில் போன், பக்கத்தில் எழுதிய காகிதம்.]

முட்டிவலி மாத்திரை அட்டை இன்னும் பிரிக்காமல் இருக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரைகளை நாமாக நிறுத்தாமல், மருத்துவருக்குப் போன் செய்து இப்படிக் கேளுங்கள்: "அம்மா டெல்மிசார்ட்டனும் நீர் மாத்திரையும் சேர்ந்தது சாப்பிடுறாங்க, மெட்ஃபார்மின் 1000 போகுது, போன மாசம் இஜிஎஃப்ஆர் 53. முட்டிவலிக்கு அசெக்ளோஃபெனாக் கடையில குடுத்தாங்க. இது வேண்டாம்னா வெறும் பாராசிட்டமால் எத்தனை குடுக்கலாம், எத்தனை நாள்?"