சீனியர் நோட்ஸை வயிற்றுப் பரிசோதனை ஸ்கிரிப்ட்டாக மாற்றுவது: ஸ்ப்ளீனை வைத்து ஒரு விளக்கம்

கேள்வி: "டாக்டர், எங்க சீனியர் எழுதின அப்டாமென் எக்ஸாமினேஷன் நோட்ஸ் கையில இருக்கு. விஷயமெல்லாம் அருமையா இருக்கு. ஆனா ஜூனியர்ஸ் அதைப் படிச்சிட்டு வந்தாலும் பெட் பக்கத்துல நின்னா கையும் ஓடல, வாயும் வரல. இதை ஸ்டெப் ஸ்டெப்பா, ஃபைண்டிங்கை எந்த வார்த்தையில சொல்லணும்ங்கற வரைக்கும் ஒரு ஸ்கிரிப்ட்டா எப்படி மாத்துறது?"

முதல்ல அந்த நோட்ஸ் எந்த வரிசையில இருக்குன்னு பாருங்க. இந்த மாதிரி நோட்ஸ் பெரும்பாலும் உறுப்பு வாரியாத்தான் இருக்கும். லிவர்னு ஒரு தலைப்பு, அதுக்குள்ள பல்பேஷன், பெர்கஷன், ஆஸ்கல்டேஷன். அப்புறம் ஸ்ப்ளீன், அப்புறம் கிட்னி, கடைசியில அசைட்டிஸ். பரீட்சைக்குத் திருப்பிப் பார்க்க அது நல்ல வரிசை. ஆனா ஜூனியர் அதே வரிசையில பரிசோதனை பண்ணினா என்ன ஆகும்? ஸ்ப்ளீனுக்காக நோயாளியை வலப்பக்கம் திருப்புவாரு, திரும்ப மல்லாக்கப் படுக்க வைப்பாரு, அசைட்டிஸுக்காக மறுபடியும் திருப்புவாரு. வயிறு முழுக்கத் தண்ணி கோத்து மூச்சு வாங்கற நோயாளிக்கு ஒவ்வொரு திரும்பலும் அவஸ்தை.

அதனால நோட்ஸை வரி வரியா வெட்டி, நோயாளி எந்த நிலையில இருக்காருங்கறதை வச்சு அடுக்குங்க. மல்லாந்து படுத்திருக்கும்போது செய்யறது எல்லாம் ஒரு கட்டு: பார்வை, மேலோட்டமான பல்பேஷன், ஆழமான பல்பேஷன், லிவர், ஸ்ப்ளீன், கிட்னி, பெர்கஷன். அப்புறம் ஒரே ஒரு தடவை வலப்பக்கம் திருப்புங்க. ஷிஃப்டிங் டல்னெஸுக்கு நடுவயித்துல இருந்து இடது பக்கவாட்டுக்குத் தட்டிக்கிட்டே வந்து, டல் ஆகற இடத்துல விரலை எடுக்காம வச்சு, நோயாளியை வலப்பக்கம் திருப்பி, அரை நிமிஷம் விட்டுத் தட்டிப் பார்க்கறோம். அதே நிலையிலதான், மல்லாந்தப்போ கைக்குக் கிடைக்காத ஸ்ப்ளீனையும் தேடணும். நோட்ஸ்ல ரெண்டும் வேற வேற பக்கத்துல இருக்கும், ஸ்கிரிப்ட்ல அடுத்தடுத்த வரியா வரணும்.

ஆஸ்கல்டேஷனை பல்பேஷனுக்கு முன்னாடி வைக்கறதா பின்னாடி வைக்கறதாங்கறதுல ஆசிரியர்கள் ஒத்துப் போக மாட்டாங்க. உங்க யூனிட்ல எப்படிச் சொல்லித் தராங்களோ அதை ஒரே இடத்துல வச்சுட்டு மேல போங்க. அதுல நேரம் செலவழிக்க வேண்டாம்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் வேற. ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் மூணு வரி எழுதுங்க. நோயாளிகிட்ட என்ன சொல்றோம், கை என்ன செய்யுது, கடைசியா கண்டதை என்ன வார்த்தையில சொல்றோம். சீனியர் நோட்ஸ்ல நடு வரி மட்டும்தான் இருக்கும், அதுவும் பாதிதான். மத்ததெல்லாம் அவர் கையிலயும் பழக்கத்துலயும் இருக்கு. அவர் கூட உட்கார்ந்து கேட்டுத்தான் எழுதணும்.

ஸ்ப்ளீனையே எடுத்துப்போம். நோட்ஸ்ல இப்படி இருக்குன்னு வச்சுக்கங்க: "ஸ்ப்ளீன் — ரைட் இலியாக் ஃபாசால ஆரம்பி. நாட்ச். மேலே விரல் போகாது. பேலட் ஆகாது. மாடரேட் ஸ்ப்ளீனோமெகலி." எழுதினவருக்கு இது போதும். ஜூனியருக்கு ஒவ்வொரு துண்டுக்கும் பின்னாடி ஒரு காரணமும் ஒரு கை அசைவும் வேணும்.

ஏன் ரைட் இலியாக் ஃபாசா? ஸ்ப்ளீன் பெரிசாகும்போது இடது விலாவுக்குக் கீழே இருந்து குறுக்கா, தொப்புளைத் தாண்டி, வலது அடிவயித்தை நோக்கி வளரும். ரொம்பப் பெரிய ஸ்ப்ளீன் இருக்கறவருக்கு இடது விலா ஓரத்துலயே கையை வச்சா, கை ஸ்ப்ளீன் மேலயே உட்கார்ந்துடும். விளிம்பு கைக்குக் கீழே எங்கேயோ இருக்கும். "வயிறு கொஞ்சம் இறுக்கமா இருக்கு"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. பெரிய ஸ்ப்ளீனைத் தவறவிடற வழி இதுதான். இந்தக் காரணத்தை ஸ்கிரிப்ட்ல ஒரு சின்ன வரியா எழுதிடுங்க, அப்புறம் யாரும் ஆரம்பிக்கற இடத்தை மாத்த மாட்டாங்க.

அடுத்தது மூச்சு. நோயாளி மூச்சை உள்ளே இழுக்கும்போது கை அசையக் கூடாது. லேசா உள்ளே அழுத்தினபடி நிக்கணும், ஸ்ப்ளீன் இறங்கி வந்து விரலைத் தொடும். மூச்சை வெளியே விடும்போதுதான் கையை ஒண்ணு ரெண்டு சென்டிமீட்டர் இடது விலா ஓரத்தை நோக்கி நகர்த்தணும். நோட்ஸ்ல "மூச்சோட சேர்ந்து நகர்த்து"ன்னு இருந்தா ஜூனியர் தலைகீழா செய்வாரு. மூச்சை இழுக்கும்போதே கை மேலே போகும், விளிம்பு கீழே வரும், ரெண்டும் ஒண்ணையொண்ணு தாண்டிப் போயிடும்.

இப்ப இதெல்லாம் ஸ்கிரிப்ட்ல எப்படி விழும்னு படிச்சுக் காட்டறேன்.

சொல்: "உங்க வயித்துல இடதுபக்கம் பார்க்கப் போறேன். வாயைத் திறந்து மெதுவா ஆழமா மூச்சு இழுங்க. எங்கேயாவது வலிச்சா உடனே சொல்லுங்க."

செய்: வலது கை தட்டையா ரைட் இலியாக் ஃபாசால, விரல் நுனி இடது விலா ஓரத்தைப் பார்த்தபடி. இடது கை நோயாளியோட இடது கீழ் விலாவுக்குப் பின்னாடி தாங்கி, லேசா முன்னால தள்ளி. உள்மூச்சுல கை நிக்கும், வெளிமூச்சுல நகரும். கண் நோயாளியோட முகத்துல.

அறிவி: "ஸ்ப்ளீன் கைக்குத் தட்டுப்படுகிறது. இடது காஸ்டல் மார்ஜினிலிருந்து ____ கோட்டில் ____ செ.மீ. கீழே. தன்மை ____, மேற்பரப்பு ____, விளிம்பு ____. அழுத்தினால் வலி உண்டு / இல்லை. மூச்சுடன் நகர்கிறது / நகரவில்லை. நாட்ச் கிடைத்தது / கிடைக்கவில்லை. காஸ்டல் மார்ஜினுக்கும் அதற்கும் இடையே விரல் நுழைகிறது / நுழையவில்லை. பேலட் ஆகிறது / ஆகவில்லை. மேலே தட்டினால் டல் / ரெசனன்ட்."

அந்தக் கோடுகளை நான் வேணும்னேதான் காலியா விட்டிருக்கேன். ஸ்கிரிப்ட்டோட பெரிய ஆபத்து, ஜூனியர் அதை மனப்பாடம் பண்ணி, கை எதையும் உணராமலே முழு வாக்கியத்தையும் ஒப்பிச்சுடுவாரு. "ஃபர்ம், ஸ்மூத், நாட்ச் பிரசன்ட்"னு நீங்களே எழுதிக் கொடுத்துட்டா, அடுத்த பத்து நோயாளிக்கும் நாட்ச் இருக்கும். காலி இடம் இருந்தா கையைக் கேட்டுத்தான் நிரப்பியாகணும்.

"எந்தக் கோட்டில்"னு ஏன் கேட்கணும்? ஒரே நோயாளி, ரெண்டு ஜூனியர்ஸ்னு வச்சுக்கங்க. ஒருத்தர் ஸ்ப்ளீன் வளர்ற திசையில, விலா ஓரத்துல இருந்து அதோட நுனி வரைக்கும் அளந்து 9 செ.மீ.ன்னு சொல்றாரு. இன்னொருத்தர் மிட்கிளாவிகுலர் கோட்டுல நேர் கீழே அளந்து 6ன்னு சொல்றாரு. ரெண்டு பேரும் சரியாத்தான் அளந்திருக்காங்க. கோட்டைச் சொல்லாம எழுதினா, அடுத்த வாரம் பார்க்கறவர் ஸ்ப்ளீன் சுருங்கிடுச்சுன்னு நினைப்பாரு. அதே காரணத்துக்காக "மாடரேட்"ங்கற வார்த்தையை அறிவிப்பு வரியில இருந்து எடுத்துடுங்க. மைல்ட், மாடரேட், மாஸிவ் எல்லைகள் புத்தகத்துக்குப் புத்தகம் மாறும், செ.மீ. மாறாது.

இப்ப அந்த நோயாளியையே முழுசாப் பார்ப்போம். இடது மேல்வயித்துல ஒரு கட்டி மாதிரி தட்டுப்படுது. ஸ்ப்ளீனா, இடது கிட்னியா? மூச்சை இழுக்கும்போது அது கீழேயும் உள்பக்கமாவும், அதாவது வலது அடிவயித்துப் பக்கமா சாய்ஞ்சு வருது. கிட்னியா இருந்தா பெரும்பாலும் நேரா கீழே வரும். விலா ஓரத்துக்கும் அதுக்கும் நடுவுல விரல் நுழையல. கிட்னிக்கு மேலே பொதுவா விரல் போகும். பின்னாடி இடுப்புப் பள்ளத்துல இருந்து இடது கையால மேல தள்ளினா வலது கைக்கு அது வந்து தட்டல. மேலே தட்டினா டல். கிட்னிக்கு முன்னாடி குடல் இருக்கறதால அங்கே பெரும்பாலும் ரெசனன்ட்டா கேட்கும். நாட்ச் மட்டும் கிடைக்கல. பரவாயில்ல, நாட்ச் கிடைச்சா ஸ்ப்ளீன்னு சொல்லலாம், கிடைக்கலங்கறதால ஸ்ப்ளீன் இல்லன்னு சொல்ல முடியாது. அதையும் ஸ்கிரிப்ட் ஓரத்துல எழுதுங்க.

இத்தனையும் சொன்ன பிறகுதான் ஜூனியர், "இவற்றால் இது ஸ்ப்ளீன் என்று கருதுகிறேன்"னு தனி வரியா சொல்லணும். கையில பட்டது ஒரு வரி, அதுல இருந்து நாம எடுக்கற முடிவு வேற வரி. முடிவு தப்பா இருந்தாக்கூட, கண்டதைச் சரியா சொல்லியிருந்தா கேட்கறவர் திருத்திக்க முடியும்.

கிடைக்காதப்போ சொல்ற வரியையும் எழுதணும், நோட்ஸ்ல அது அனேகமா இருக்கவே இருக்காது. ஸ்ப்ளீன் ரெண்டு மூணு மடங்கு பெருத்த பிறகுதான் கைக்கே தட்டுப்படும். அதனால "ஸ்ப்ளீனோமெகலி இல்லை"ன்னு கையை வச்சு மட்டும் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. "மல்லாந்த நிலையிலும் வலப்பக்கம் திரும்பிய நிலையிலும் ஸ்ப்ளீன் கைக்குத் தட்டுப்படவில்லை"ன்னு சொல்லலாம். ரெண்டு நிலையும் வாக்கியத்துலயே இருக்கறதால, திருப்பிப் பார்க்காதவர் அதைச் சொல்ல முடியாது.

லிவருக்கும் இதே நியாயம்தான். விளிம்பு கீழே தட்டுப்பட்டா "லிவர் பெரிசு"ன்னு எழுதிடுவாங்க. எம்ஃபைசீமால நுரையீரல் ஊதி, சாதாரண லிவரையே கீழே தள்ளியிருக்கலாம். அதனால கீழ் விளிம்பு வரியோடயே மேல் எல்லையையும் சேர்த்துடுங்க: வலது மிட்கிளாவிகுலர் கோட்டுல மேலிருந்து தட்டிக்கிட்டு வந்து எந்த இண்டர்காஸ்டல் ஸ்பேஸ்ல டல் ஆகுதுன்னு. சாதாரணமா அஞ்சாவது ஸ்பேஸ். மேல் எல்லையும் கீழ் விளிம்பும் சொன்னாத்தான் ஸ்பேன் எத்தனை செ.மீ.ன்னு ஒரு எண் வரும்.

எழுதி முடிச்சதும் அச்சடிச்சுக் கொடுத்துடாதீங்க. நோட்ஸைப் பார்க்காத ஒரு ஜூனியரைக் கூப்பிட்டு, ஒரு நண்பரைப் படுக்க வச்சு, ஸ்கிரிப்ட்டை மட்டும் வச்சுச் செய்யச் சொல்லுங்க. நீங்க ஒரு பிரதியோட ஓரமா உட்காருங்க. அவர் கை தயங்கற இடத்துல "செய்" வரி குறையா இருக்கு. கை செய்யாத ஒண்ணை வாய் சொன்னா, அந்த "அறிவி" வரியில காலி இடம் பத்தல. அந்த ரெண்டு வகை இடத்தை மட்டும் திருத்திட்டு, அந்த சீனியர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க.

இன்னும் ஒண்ணே ஒண்ணு, தயவுசெஞ்சு ஸ்கிரிப்ட்டோட முதல் வரியிலயே இதைப் போடுங்க: வலி எங்கேன்னு முதல்ல கேள், அந்த இடத்தைக் கடைசியா தொடு, முகம் சுளிச்சா நிறுத்து. ஸ்ப்ளீன் நல்லா தட்டுப்படுதுன்னு ஒரே நோயாளியை வரிசையா பல மாணவர்கள் அழுத்திப் பார்க்கறது நடக்குது. இன்ஃபெக்ஷியஸ் மோனோநியூக்ளியோசிஸ் மாதிரி நோய்ல பெருத்த ஸ்ப்ளீன் மென்மையா இருக்கும், கிழியக்கூட வாய்ப்பு இருக்கு. அங்கே ஒருத்தர் மெதுவா ஒரு தடவை பார்த்தாப் போதும், மத்தவங்க அவர் சொல்ற "அறிவி" வரியைக் கேட்டு எழுதிக்கட்டும்.