மிளகாய்த்தூள் பவுச் மெஷினின் ஓஇஇ: கணக்கு போட்டு, முதலில் எதைச் சரிசெய்வது?

வணக்கம். எனக்குப் பின்னால் நிற்பது பவுச் போடும் மெஷின். மேலே ஆகர் என்ற திருகு தூளை அளந்து போடும், ஃபிலிம் குழாயைச் சுற்றிப் பையாக மாறும், கீழே இரண்டு சீலிங் ஜா மூடி ஒட்டி வெட்டிவிடும். ஓட வேண்டிய நேரத்தில் மெஷின் தர வேண்டியதில் எத்தனை சதவீதம் நல்ல பவுச்சாக வந்தது என்பதுதான் ஓஇஇ. இதில் 100 கிராம் மிளகாய்த்தூள் ஓடுவதாக வைத்து ஒரு ஷிஃப்டுக்கு அதைப் போட்டுப் பார்ப்போம்.

ஷிஃப்ட் 480 நிமிடம். சாப்பாடு, டீக்கு 30 போனால், ஓட வேண்டிய நேரம் 450. சைஸ் மாற்ற 40, ஒரு ஹீட்டர் போனதில் 20, ஃபிலிம் ரோல் மாற்ற 15 என்று 75 நிமிடம் நின்றது. ஓடியது 375. இதை 450-ஆல் வகுத்தால் 83.3 சதவீதம். இது அவைலபிலிட்டி.

அடுத்தது பெர்ஃபார்மன்ஸ். இந்த பவுச்சுக்கு மெஷினின் வேகம் நிமிடத்துக்கு 60. 375 நிமிடத்தில் 22,500 வந்திருக்க வேண்டும், வந்தது 16,200. அதாவது 72 சதவீதம். அதில் 324 பவுச் கசிவு. நல்லது 15,876, குவாலிட்டி 98 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் 58.8 சதவீதம். இதுதான் ஓஇஇ.

இங்கே ஒரு எச்சரிக்கை. மெஷின் கவுன்டர் ஜா மூடும் ஒவ்வொரு தடவையும் ஒன்று ஏற்றும். தூள் விழாத காலிப் பையையும் சேர்த்தே எண்ணும். அதனால் நல்ல பவுச்சை அட்டைப்பெட்டிக் கணக்கிலிருந்து எடுங்கள். வெட்டிப் பிரித்து மறுபடி போட்ட தூள் 'நல்லது' கணக்கில் வராது.

இன்னொன்று, வேகம். ஆபரேட்டர் மெஷினை 50-இல் வைத்திருக்கிறார். "எப்பவும் 50 தானே சார்" என்று அதையே அளவுகோலாக எடுத்தால் ஓஇஇ 70.6 ஆகிவிடும். ரிப்போர்ட் அழகாக இருக்கும். ஆனால் ஒரு பவுச்கூட அதிகம் வராது.

சரி, எதில் கை வைப்பது? சதவீதத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள், எல்லாவற்றையும் நிமிடமாக மாற்றுங்கள். கசிந்த 324 பவுச் என்பது 5.4 நிமிடம். 16,200 பவுச்சை 60 வேகத்தில் 270 நிமிடத்தில் போட்டிருக்கலாம், ஆனது 375. ஆக 105 நிமிடம் காணோம், லாக் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதையும் பிரிக்கலாம். 50 வேகத்தில் 16,200-க்கு 324 நிமிடம் ஆகும். ஆக, மெதுவாக ஓடியதில் போனது 54, சின்னச் சின்ன நிறுத்தங்களில் போனது 51.

அந்த 51 நிமிடம் எங்கே போகிறது என்று தெரிய மெஷின் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு கோடு போடுங்கள். தூள் லைனில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது இதுதான்: ஐ மார்க் சென்சாரில் தூசி படிந்து ஃபிலிம் மேல் உள்ள குறியைத் தவறவிடும், அலாரம் அடிக்கும், ஆபரேட்டர் துணியால் துடைத்து மறுபடி ஸ்டார்ட் செய்வார். அரை நிமிட வேலைதான். அரை நிமிடத்தை யார் எழுதிவைப்பார்கள்?

அப்புறம், ஏன் 50? ஆபரேட்டரிடமே கேளுங்கள், சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். 60-இல் ஓட்டினால் சீல் கசிகிறது என்பார். மொபைலில் ஸ்லோ மோஷன் எடுத்துப் பாருங்கள். ஜா மூடும்போதும் தூளின் வால் விழுந்துகொண்டே இருக்கும். அந்த சீலைப் பிரித்தால் உள்ளே சிவப்புத் துகள் ஒட்டியிருப்பது தெரியும். வேகத்தைக் குறைத்தால் தூள் விழுந்து முடிய நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

அதாவது 54, 51, 5.4 மூன்றும் பெரும்பாலும் ஒரே தூசியிலிருந்து வருகின்றன. மாற்று யோசனை, சைஸ் மாற்றும் 40 நிமிடத்தைப் பாதியாக்குவது. அதில் 20 நிமிடம், 1,200 பவுச் கிடைக்கும். தூசி விஷயத்தில் 105-இல் பாதி மீண்டாலே 3,000-க்கு மேல். அதனால் என் ஓட்டு தூசிக்கு.

ஆகர் நின்ற பிறகும் நுனியிலிருந்து தூள் சொட்டினால் அங்கே கட்-ஆஃப் வேண்டும். ஃபிலிமின் உள்பக்கம் தூள் ஒட்டி நின்றால் அது ஸ்டாடிக் மின்சாரம். ஸ்டாடிக் எலிமினேட்டர் பார் உதவும். இரண்டும் இல்லாமல் புகைபோல எழும்பினால், குழாய் அருகே உறிஞ்சும் குழல் வையுங்கள், ஆனால் மெதுவாக. பலமாக இழுத்தால் எடை குறையும். எது காரணம் என்று அந்த வீடியோவே காட்டிவிடும், மூன்றையும் ஒரே நாளில் மாட்டாதீர்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இந்த மெஷின் நேரம் மிச்சமாகி, அடுத்த இடத்தில் பெட்டி கட்டும் வேலைதான் தேங்குகிறது என்றால், கூடுதல் 3,000 பவுச் தரையில்தான் குவியும். அப்போது நிமிடத்தைவிட 324 பவுச்சின் ஃபிலிம் செலவைப் பாருங்கள்.

சரிசெய்ததும் நேராக 60-க்குப் போகாமல் ஒரு ஷிஃப்ட் 55-இல் ஓட்டி, பவுச்சைத் தண்ணீரில் அழுத்திக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். கசிவு 2 சதவீதத்துக்கு மேல் ஏறவில்லை என்றால் மறுநாள் 60.