ஒரே ராத்திரி, மூன்று கேள்விகள்

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷத்துக்கு மேல் வரலாறு சொல்லிக்கொடுத்தேன். ஓய்வுக்குப் பிறகும் சத்துவாச்சாரியில் சனிக்கிழமைதோறும் போட்டித் தேர்வுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். அத்தனை வருஷமும் விடைத்தாள் திருத்தியதில் என் மனசை உறுத்திய ஒரு விஷயத்தைத்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். கேள்வியின் கடைசியில் ஒரு சொல் வருமே, 'காரணம் கூறுக', 'மதிப்பிடுக', 'ஆராய்க' என்று, அந்தச் சொல்லைப் பற்றி.

ஒரு சின்ன சம்பவம் சொல்கிறேன். காட்பாடிப் பக்கத்துப் பெண், இங்கிலீஷ் மீடியம், நன்றாகப் படிக்கிறவள். மாதிரித் தேர்வில் 1806 வேலூர்ப் புரட்சியைப் பற்றி ஒரு கேள்வி வைத்தேன். 'அக்கவுன்ட் ஃபார்' என்று தொடங்கும் கேள்வி. நாலு பக்கம் எழுதியிருந்தாள். ஜூலை 10 விடியற்காலையில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது, ஐரோப்பியப் படைவீரர்கள் தூக்கத்திலேயே சுடப்பட்டார்கள், பிறகு கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது, பிறகு ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லஸ்பி குதிரைப் படையோடு வந்தார், பிறகு கோட்டைக்குள் புரட்சி செய்த சிப்பாய்களை நிறுத்திச் சுட்டார்கள். எழுதியதில் தப்பு ஒன்றுகூட இல்லை. ஆனால் பத்துக்கு நாலுதான் போட்டேன்.

அழுதுவிட்டாள். பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு பென்சிலைக் கொடுத்து, 'நீ எழுதியதில் "பிறகு" வருகிற இடத்தையெல்லாம் வட்டம் போடும்மா' என்றேன். பதினோரு வட்டம். 'இப்போது "அதனால்", "ஏனென்றால்" வருகிற இடத்துக்குக் கோடு போடு' என்றேன். ஒரே ஒரு கோடு. அவளே தாளைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். 'சார், நான் "கிவ் ஆன் அக்கவுன்ட் ஆஃப்"னு நெனச்சுட்டேன்' என்றாள்.

அவ்வளவுதான் நேயர்களே. 'கிவ் ஆன் அக்கவுன்ட் ஆஃப்' என்றால் நடந்ததைச் சொல்லு. 'அக்கவுன்ட் ஃபார்' என்றால் ஏன் நடந்தது என்று சொல்லு. நம் வீட்டிலேயே பாருங்கள். 'ஏன்டா லேட்டு?' என்று அம்மா கேட்டால், 'காலையில எழுந்தேன், குளிச்சேன், பாகாயம் பஸ்ஸுக்கு நின்னேன்' என்று கதை சொன்னால் ஒத்துக்கொள்வார்களா? 'பஸ் வரல, அதனால நடந்து வந்தேன்' என்றால்தான் அது பதில். தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. 'விளக்குக' என்ற ஒரே சொல்லை வருணனைக்கும் போடுகிறார்கள், காரணத்துக்கும் போடுகிறார்கள். அப்போது கேள்வியின் முன்பாதியைப் பாருங்கள். அங்கே 'ஏன்' ஒளிந்திருந்தால் காரணம்தான் வேண்டும்.

சரி, அந்தப் பெண் என்ன எழுதியிருக்க வேண்டும்? அன்றைக்கு நாங்கள் ஒரு 'ஏன்' என்பதை மூன்றாக உடைத்தோம். இந்தியச் சிப்பாய்களுக்கு ஏன் கோபம்? ஏன் வேலூரில்? ஏன் அந்த ராத்திரி?

முதலில் கோபம். சென்னைப் படையின் தலைமைத் தளபதி கிராடக் காலத்தில் புதிய உடை விதிகள் வந்தன. நெற்றியில் நாமம், விபூதி கூடாது, தாடி கூடாது, மீசையை ஒரே மாதிரி கத்தரிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும். அந்தத் தோல் மாட்டுத்தோலா, பன்றித்தோலா என்று இரண்டு மதத்தாருக்கும் பயம். மே மாதம் அணிய மறுத்தவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோய் விசாரித்து, அவர்களில் இருவருக்குச் சவுக்கடி கொடுத்து வேலையை விட்டு நீக்கினார்கள். அதனால் மனக்குறை அவமானமாக மாறியது. இரண்டாவது, ஏன் வேலூரில்? 1799இல் திப்பு விழுந்த பிறகு அவர் பிள்ளைகளையும் குடும்பத்தையும் இந்தக் கோட்டையில்தான் வைத்திருந்தார்கள். அதனால் கோபப்பட்டவர்களுக்கு அண்ணாந்து பார்க்க ஓர் அரச குடும்பம் பக்கத்திலேயே இருந்தது. மூன்றாவது, ஏன் அந்த ராத்திரி? ஜூலை 9 அன்று கோட்டைக்குள் திப்பு மகள் ஒருவரின் கல்யாணம். மறுநாள் காலை படைப்பயிற்சி இருந்ததால் சிப்பாய்கள் கோட்டைக்குள்ளேயே படுத்துக்கொண்டார்கள். அதனால் ஆளும் ஆயுதமும் ஒரே இடத்தில் சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் ஓர் 'அதனால்' வருகிறதா? அதற்குத்தான் மார்க்.

இப்போது சொல்லை மட்டும் மாற்றுகிறேன். 'வேலூர்ப் புரட்சியில் திப்புவின் மகன்களின் பங்கை மதிப்பிடுக.' இங்கிலீஷில் 'அசெஸ்'. இது தராசு வேலை. பங்கு இருந்ததா, இல்லையா என்று மட்டும் கேட்கவில்லை. எவ்வளவு எடை என்று கேட்கிறார்கள். ஒரு தட்டில் திப்புவின் கொடியும் அந்தக் கல்யாணக் கூட்டமும். இன்னொரு தட்டில் என்ன வைப்பது? இங்கேதான் பிள்ளைகள் மறுபடி தலைப்பாகை, சவுக்கடி என்று காரணங்களை வரிசையாக அடுக்கிவிட்டு, எடை போடாமல் எழுந்துவிடுகிறார்கள்.

எடை போட ஒரு வழி இருக்கிறது. இளவரசர்கள் இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். அதே 1806இல் ஐதராபாத்திலும் இதே தலைப்பாகைக்கு எதிராகச் சிப்பாய்கள் கொதித்தார்கள். அங்கே திப்பு குடும்பம் கிடையாது. உத்தரவைத் திரும்பப் பெற்றதும் அடங்கியது. அப்படியென்றால் கோபம் பிறக்க இளவரசர்கள் தேவைப்படவில்லை. ஆனால் அந்தக் கோபம் கோட்டையைப் பிடித்துக் கொடியேற்றும் அளவுக்குப் போனது வேலூரில்தான். ஆகவே என் தீர்ப்பு: இளவரசர்களின் பங்கு இரண்டாம் நிலை, கோபத்துக்கு ஒரு முகம் கொடுத்தார்கள், கோபத்தை மூட்டவில்லை. நீங்கள் வேறு தீர்ப்பு எழுதலாம், அதற்கும் மார்க் உண்டு. தராசின் முள் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது என்று எழுதாமல் மட்டும் விடாதீர்கள். 'இரண்டும் முக்கியமே' என்று முடித்தால் எடை போடவே இல்லை என்றுதான் அர்த்தம்.

இன்னொன்றையும் பாருங்கள். புரட்சிக்குக் காரணம் இளவரசர்களின் 'சதி' என்ற விளக்கம் யாருக்கு வசதி? உத்தரவு போட்டவர்களுக்கு. பழி தலைப்பாகையிலிருந்து இளவரசர்கள் பக்கம் நகர்ந்துவிடுமே. அப்படியும் கிராடக்கும் கவர்னர் பென்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். ஒரு சான்றை யார் சொன்னார், அவருக்கு அதில் என்ன லாபம் என்று இரண்டு வரி எழுதினால் அந்தச் சான்றின் எடை இன்னும் சரியாகத் தெரியும்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். மூன்றாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'எவாலுவேட்'. சில தேர்வுகளில் இதையும் 'அசெஸ்'ஸையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள். ஆனாலும் இந்தச் சொல் வந்தால் நான் உரைகல்லை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். 'வேலூர்ப் புரட்சியே முதல் சுதந்திரப் போர் என்ற கருத்தை எவாலுவேட் செய்க' என்றால், எந்தக் கல்லில் உரசப்போகிறீர்கள் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். ஆட்சியை மாற்றும் நோக்கம் இருந்ததா? ஊர் மக்கள் சேர்ந்தார்களா? பரவியதா? கொடி ஏறியதால் முதல் கேள்விக்கு 'ஆம்' பக்கம் சான்று உண்டு. கோட்டைக்குள் தொடங்கி ஒரே நாளில் முடிந்ததால் மற்ற இரண்டிலும் கருத்து வலுவிழக்கிறது. 1857ஐ ஒப்பிட்டும் எழுத வேண்டும், அதற்கு இப்போது நேரமில்லை. காட்பாடிப் பெண் அடுத்த சனிக்கிழமை அதே கேள்வியைத் திரும்ப எழுதினாள். இரண்டரைப் பக்கம்தான். எட்டு மார்க் போட்டேன். வணக்கம்.