பக்க முடியும் மேல் முடியும் சேரும் இடத்தில் நிற்கும் கோடு

கேள்வி: "அண்ணா, பக்கவாட்டில் 2-ஆம் நம்பர் கார்டு போட்டு எடுக்கிறேன். மேலே மூன்று அங்குல முடி. இரண்டும் சேரும் இடத்தில் தொப்பி வைத்தது போல ஒரு கோடு நின்றுவிடுகிறது. கத்தரிக்கோலால் எத்தனை முறை போனாலும் கரையவில்லை. எங்கே தவறு?"

தம்பி, கத்தரிக்கோலைக் குறை சொல்வதற்கு முன்னால் உங்கள் கிளிப்பர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். இந்தக் கோடு பெரும்பாலும் கிளிப்பர் அளவுக்கு மீறி மேலே ஏறியதால் வருவது.

காதுக்கு மேலே, தலையின் பக்கவாட்டில் சீப்பைத் தட்டையாகச் சாய்த்து வையுங்கள். தலை எந்த இடத்தில் உள்நோக்கி வளைந்து சீப்பை விட்டு விலகுகிறதோ, அதுதான் வளைவு. நம் வேலை முழுவதும் அந்த இடத்தை நம்பித்தான் இருக்கிறது. 2-ஆம் நம்பர் கார்டு விட்டுவைப்பது 6 மில்லிமீட்டர். மேலே உங்களிடம் இருப்பது ஏறக்குறைய 75 மில்லிமீட்டர். 6-லிருந்து 75-க்கு முடி ஏறிப்போக இடம் வேண்டும். வளைவு வரைக்கும் 2-ஆம் நம்பரையே ஓட்டிவிட்டால் அந்த இடம் போய்விட்டது. பிறகு கத்தரிக்கோலுக்குக் கிடைப்பது மேல் முடியின் ஓரம் மட்டும்தான். அதை வெட்ட வெட்டக் கோடு மேலே நகருமே தவிர, கரையாது.

ஆகவே 2-ஆம் நம்பரை வளைவுக்கு இரண்டு விரல் கீழேயே முடித்துக்கொள்ளுங்கள். முடிக்கும்போது கையை அப்படியே நிறுத்தக்கூடாது. மணிக்கட்டை வெளிப்பக்கமாகச் சாய்த்து, கிளிப்பர் தலையை விட்டு மெல்ல விலகும்படி எடுக்க வேண்டும். அடுத்து 10 மில்லிமீட்டர் விடும் 3-ஆம் நம்பரை ஒரு விரல் மேலே கொண்டுபோங்கள். 13 மில்லிமீட்டர் விடும் 4-ஆம் நம்பர் வளைவின் அடியில் நிற்கட்டும். இரண்டுக்கும் அதே வெளி வீச்சுதான். 2-க்கும் 3-க்கும் நடுவில் மங்கலாக ஒரு கோடு தெரிந்தால், 2-ஆம் நம்பர் கார்டோடு லீவரைத் திறந்து வைத்து, பிளேடின் மூலையால் அந்தக் கோட்டை மட்டும் தொட்டுத் தொட்டு எடுங்கள். முடி உலர்ந்திருக்க வேண்டும். ஈர முடி படிந்து கிடப்பதால் கோடு கண்ணுக்கே தெரியாது.

இப்போது கத்தரிக்கோல். சீப்பின் பற்கள் மேல்நோக்கி இருக்க, 4-ஆம் நம்பர் முடிந்த இடத்தில் நுழையுங்கள். கத்தரியின் அசையாத அலகு சீப்புக்கு இணையாக, அதை ஒட்டிக் கிடக்க வேண்டும். கட்டைவிரல் அலகு மட்டும் அசையட்டும். பலரும் தவறுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். சீப்பு தலையின் வளைவைப் பின்பற்றிப் போகக்கூடாது. கூரையைப் பார்த்து நேராக மேலே போக வேண்டும். தலை உள்ளே வளைய, சீப்பு நேராக ஏற, நடுவில் இடைவெளி தானாகவே கூடும். முடியின் நீளமும் அதோடு சேர்ந்து படிப்படியாகக் கூடும். சீப்பு நகர்ந்துகொண்டே இருக்க, கத்தரியும் நிற்காமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சீப்பை ஓரிடத்தில் நிறுத்தி இரண்டு வெட்டு வெட்டினீர்கள் என்றால் அங்கே ஒரு படி விழுந்துவிடும்.

வளைவைத் தாண்டிய முடி சீப்பில் நிற்காத அளவுக்கு நீளமாக இருக்கும். அதை வளைவிலிருந்து மேலே செங்குத்தான ஒரு பகுதியாகப் பிரித்து, விரல்களுக்கு நடுவே பக்கவாட்டில் நேராக இழுத்துப் பிடியுங்கள். கீழே குட்டை, மேலே நெட்டை, நடுவில் ஒரு மூலை துருத்திக்கொண்டு நிற்கும். அந்த மூலைதான் உங்களைப் பாடாய்ப் படுத்தும் கோடு. அதை மட்டும் வெட்டுங்கள், அதற்கு மேல் வேண்டாம். முடியை ஒரு பக்கமாக வகிடு எடுத்துச் சீவுகிறவர் என்றால், முடி சாயும் பக்கத்தில் அந்த மூலையைச் சற்று விட்டுவைப்பேன். இல்லாவிட்டால் முடி படியாமல் நிற்கும்.

பல்வைத்த கத்தரியால் கோட்டைக் கரைக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது அடர்த்தியைத்தான் குறைக்கும், நீளத்தின் வித்தியாசம் அப்படியே இருக்கும். குட்டையாக வெட்டப்பட்ட இழைகள் வளர்ந்து குத்திட்டு நிற்கவும் தொடங்கும். எல்லாம் முடிந்த பிறகு ஓரிரு வெட்டு போதும்.

2-ஆம் நம்பர் ஏற்கெனவே வளைவைத் தாண்டிவிட்டது என்றால், மேல் முடியைக் குறைப்பதா, கோடு இருக்கட்டும் என்று வளர விடுவதா என்று வாடிக்கையாளரிடமே கேளுங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும்.

இன்னும் ஒன்று. கருமையாகத் தெரிகிற திட்டெல்லாம் நீளமான முடி அல்ல. மண்டையில் சிறு பள்ளம் இருந்தாலோ, அந்த இடத்தில் முடி அடர்ந்திருந்தாலோ அப்படித் தெரியும். சீப்பை அந்தத் திட்டில் நுழைத்துத் தூக்கிப் பாருங்கள். நுனிகள் பக்கத்து முடியைவிட உயரமாக எழுந்தால் வெட்டுங்கள். சமமாக நின்றால் கையை வைக்காதீர்கள்.