12 லட்சத்துக்கு இரண்டு விடை, அந்த போஸ்டர் மீது எனக்குள்ள கோபம்

வணக்கம். நகைச்சீட்டு பற்றிய இரண்டாம் பகுதி இந்த வாரம் வரும் என்று சொல்லியிருந்தேன். அது கொஞ்சம் காத்திருக்கட்டும். எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் சித்தப்பா ஒரு போஸ்டரை அனுப்பியிருக்கிறார். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

பச்சைப் பின்னணியில் இரண்டு பணமூட்டைகள், ஒன்று பெரியது, ஒன்று சிறியது. மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் தவணையாகப் பணம் போடும் எஸ்ஐபியில், மாதம் 10,000 ரூபாய் வீதம் 10 ஆண்டுகள் போட்டால், அதாவது 12 லட்சம் போட்டால், கிடைப்பது 23.23 லட்சம். அதே 12 லட்சத்தை இன்றே மொத்தமாகப் போட்டால் 37.27 லட்சம். இரண்டுக்கும் ஆண்டுக்கு 12 சதவீத லாபம் என்ற அனுமானம். கீழே பெரிய எழுத்தில், "14 லட்சத்தை இழக்காதீர்கள்!"

சித்தப்பா நிலம் விற்ற பணம் 12 லட்சத்தைக் கையில் வைத்திருக்கிறார். அவர் மகள் வேலைக்குச் சேர்ந்து, மாதம் 10,000 எடுத்துவைக்கத் தொடங்கியிருக்கிறாள். "அக்கா, அப்படியானால் எஸ்ஐபி போடுவது வீண்தானே?" என்று கேட்கிறாள். ஒரே போஸ்டர் இரண்டு பேரையும் குழப்பிவிட்டது.

முதலில் எண்களைச் சரிபார்த்தேன். இழுத்தால் நகரும் உருண்டை வைத்த கால்குலேட்டர்களை நான் எவ்வளவு வெறுக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளே என்ன சூத்திரம் ஓடுகிறது என்று அவை சொல்வதில்லை. என் வழக்கப்படி கணக்குத்தாளில் போட்டேன்.

```
=1200000*1.12^10
=FV(1.12^(1/12)-1,120,-10000,0,1)
```

முதல் வரி மொத்தத் தொகை. 37,27,018 ரூபாய் வந்தது. போஸ்டர் சரி. இரண்டாவது வரி எஸ்ஐபி. அதற்கு வந்தது 22,40,359. போஸ்டரில் 23.23 லட்சம். 83,000 ரூபாய் உதைக்கிறது! காபி ஆறிப்போனது, குக்கர் எத்தனை விசில் அடித்தது என்றே தெரியவில்லை, இந்த 83,000 எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நான் எழுந்திருப்பதாக இல்லை.

கண்டுபிடித்தேன். எஸ்ஐபிக்குக் கணக்குப் போடும்போது 12 சதவீதத்தை 12 மாதத்தால் வகுத்து, மாதத்துக்கு ஒரு சதவீதம் என்று வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு சதவீதம் கூட்டு வட்டியாக ஓடினால் ஆண்டு முடிவில் அது 12 சதவீதமாக இருக்காது, 12.68 ஆகிவிடும். மொத்தத் தொகைக்கு மட்டும் கறாராக ஆண்டுக்கு 12. ஆக, ஒரே போஸ்டரில் இரண்டு வேறு லாப விகிதங்கள். தலைப்பில் மட்டும் ஒரே 12. ஆண்டுக்கு 12 என்பது உண்மையிலேயே 12 ஆக வரவேண்டும் என்றால் மாத விகிதம் ஏறத்தாழ 0.949 சதவீதம். என் சூத்திரத்தில் `1.12^(1/12)-1` என்று இருப்பது அதுதான். நிறைய கால்குலேட்டர்களில் இந்தக் கோளாறு இருக்கிறது.

உங்கள் கால்குலேட்டர் எந்த வகை என்று பார்க்க ஒரு சோதனை: மாதம் 10,000, ஓர் ஆண்டு, 12 சதவீதம் என்று கொடுங்கள். 1,28,093 என்று காட்டினால் அது மாதம் ஒரு சதவீதம் போடுகிறது. 1,27,665 என்று காட்டினால் ஒழுங்கான கால்குலேட்டர். ஓர் ஆண்டில் வித்தியாசம் 428 ரூபாய்தான், யார் கண்ணிலும் படாது. பத்தாண்டில் அது 83,000 ஆகிறது. இதைப் பிடித்த சந்தோஷத்தில் நான் சித்தப்பாவுக்கே போன் போட்டுச் சொன்னேன். "அதை விடு, என் 14 லட்சத்துக்கு வழி சொல்" என்றார். நியாயம்தான். திருத்தினால் வித்தியாசம் 14.9 லட்சமாக இன்னும் கூடிவிடுகிறது.

அந்த வித்தியாசம் ஏன் வருகிறது? எஸ்ஐபி மட்டமான முறை என்பதால் அல்ல. முதல் தவணை 120 மாதங்கள் வேலை செய்கிறது. கடைசித் தவணை ஒரே ஒரு மாதம். சராசரி எடுத்தால் ஒவ்வொரு ரூபாயும் சந்தையில் இருந்தது ஏறத்தாழ ஐந்து ஆண்டுதான். மொத்தத் தொகையின் ஒவ்வொரு ரூபாயும் முழுப் பத்து ஆண்டு இருந்திருக்கிறது. பத்து மணி நேரம் வேலை பார்த்தவரையும் ஐந்து மணி நேரம் பார்த்தவரையும் நிறுத்தி, யார் கூலி அதிகம் என்று கேட்கிற கதை.

இன்னொரு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். பத்தாண்டு கழித்து அதே 22.40 லட்சம் வரவேண்டும் என்றால் இன்று மொத்தமாக எவ்வளவு போட வேண்டும்? 22,40,359ஐ 1.12^10 ஆல், அதாவது 3.1058 ஆல் வகுத்தால் 7.21 லட்சம். அதாவது 12 சதவீதக் கணக்கில், மாதம் 10,000 வீதம் வரப்போகிற 12 லட்சத்தின் இன்றைய மதிப்பு 7.21 லட்சம்தான். போஸ்டர் சமமான இரண்டு தொகைகளை ஒப்பிடவே இல்லை. கூட்டிப் பார்த்தால் இரண்டும் 12 லட்சம், அவ்வளவுதான் ஒற்றுமை.

தங்கைக்கு இதுவே பதில். அவள் கையில் 12 லட்சம் இல்லை. அவள் இழக்கப்போகிற 14 லட்சம் என்று எதுவும் இல்லை, ஏனென்றால் அது அவளுக்கு ஒருபோதும் கிடைக்கக்கூடியதாக இல்லை. அவள் இன்னொன்றும் செய்திருந்தாள்: 12 லட்சம் 22.4 லட்சம் ஆவதைப் பத்தாண்டுக்குப் பிரித்து, "ஆண்டுக்கு 6.4 சதவீதம்தான் வருகிறது, பேங்க் டெபாசிட்டே போதுமே" என்றாள். முழு 12 லட்சமும் முதல் நாளே போடப்பட்டதுபோலக் கணக்குப் போட்டால்தான் 6.4 வரும். தவணைத் தேதிகளை வைத்துப் பார்க்கும் எக்ஸ்ஐஆர்ஆர் கணக்கில் அதே முதலீடு 12 சதவீதம் என்றே காட்டும். எஸ்ஐபி அறிக்கையில் எந்த எண்ணைப் பார்ப்பது என்று குழம்பினால் எக்ஸ்ஐஆர்ஆரைப் பாருங்கள்.

சித்தப்பா கதை வேறு. அவர் கையில் பணம் இருக்கிறது. அட, முக்கியமானதை விட்டுவிட்டேன்: அவர் மாதம் 10,000 வீதம் போட்டால் மீதிப் பணம் சும்மா இருக்காதே! போஸ்டர் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. காத்திருக்கும் பணத்துக்கு 6 சதவீதம் வருகிறது என்று வைத்தால், பத்தாண்டு முடிவில் அந்தப் பக்கம் ஏறத்தாழ 5.16 லட்சம் சேர்ந்திருக்கும். எஸ்ஐபியின் 22.40 உடன் சேர்த்தால் 27.56 லட்சம். வரியைக் கணக்கில் எடுக்கவில்லை. அப்போதும் 37.27க்குக் கிட்ட வரவில்லைதான், ஆனால் இதுதான் நேர்மையான ஒப்பீடு.

இனி எனக்கு மிகவும் எரிச்சலூட்டும் பகுதி. சராசரி லாபம் என்று ஒரே எண்ணை வைத்தால், நாம் போடும் பணத்துக்கு ஃபண்டில் கிடைக்கும் பங்கான யூனிட்டின் விலை மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும் என்றுதான் பொருள். ஒவ்வொரு தவணையும் முந்தையதைவிட அதிக விலைக்கு வாங்கும். எஸ்ஐபிக்குச் சாதகமாகச் சொல்லப்படுவதோ, விலை இறங்கும்போது அதிக யூனிட் கிடைக்கும் என்பது. இறக்கமே இல்லாத கணக்கில் அது எப்படித் தெரியும்? இந்தப் போட்டியில் எஸ்ஐபி தோற்பது தொடங்கும் முன்பே முடிவானது.

சின்னக் கணக்கு ஒன்று. இரண்டே ஆண்டுகள். ஓர் ஆண்டு 20 சதவீதம் இறக்கம், ஓர் ஆண்டு 40 சதவீதம் ஏற்றம். 12 லட்சத்தை மொத்தமாகப் போட்டால், எது முதலில் வந்தாலும் 13.44 லட்சம். ஆண்டுக்கு 6 லட்சமாக இரண்டு தவணை போட்டால்? இறக்கம் முதலில் வந்தால், 6 லட்சம் 4.8 ஆகிறது, இன்னொரு 6 சேர்ந்து 10.8, பிறகு 40 சதவீதம் ஏறி 15.12 லட்சம். மொத்தத் தொகையை வென்றுவிட்டது! ஏற்றம் முதலில் வந்தால், 8.4 உடன் 6 சேர்ந்து 14.4, பிறகு 20 சதவீதம் இறங்கி 11.52. போட்ட பணமே இல்லை. அதே இரண்டு ஆண்டுகள், அதே சராசரி. வரிசை மட்டும் மாறியிருக்கிறது.

சராசரி என்றதும் நினைவுக்கு வருகிறது. கழித்தல் 20, கூட்டல் 40, இரண்டுக்கும் சராசரி 10 என்று போட்டுவிடாதீர்கள். 10 சதவீதத்தில் இரண்டு ஆண்டு ஓடினால் 12 லட்சம் 14.52 ஆகும். நடந்ததோ 13.44. கூட்டு முறையில் உண்மையான விகிதம் 5.83 சதவீதம்தான். "சராசரி" என்று யாராவது சொன்னால், எந்தச் சராசரி என்று கேளுங்கள்.

நிஜத்தில் இதைப் பார்க்க 2008 போதும். அந்த ஜனவரியில் சென்செக்ஸ் 21,000ஐத் தொட்டது. 2009 மார்ச்சில் 9,000க்கும் கீழே. மறுபடி 21,000 அருகே வந்தது 2010 நவம்பரில். உச்சத்தில் மொத்தமாகப் போட்டவருக்கு ஏறத்தாழ மூன்று ஆண்டு கழித்து முதல்தான் திரும்பியது. அதே காலத்தில் மாதாமாதம் போட்டவர், கீழே கிடந்தபோது வாங்கிய யூனிட்டுகளால் நல்ல லாபத்தில் இருந்தார். ஆனால் இதை வைத்து எஸ்ஐபிதான் எப்போதும் சிறந்தது என்று போஸ்டர் அடித்தாலும் எனக்குக் கோபம் வரும். அமெரிக்க முதலீட்டு நிறுவனமான வேன்கார்டு 2012இல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா சந்தைகளின் பழைய விவரங்களைப் பார்த்தபோது, கையில் இருக்கும் பணத்தை ஓர் ஆண்டுக்குப் பிரித்துப் போடுவதைவிட உடனே போடுவதே மூன்றில் இரண்டு பங்கு நேரங்களில் அதிகம் தந்திருந்தது.

சித்தப்பாவிடம் பத்தாண்டு இழுப்பை மறந்துவிடச் சொன்னேன். பயமாக இருந்தால், குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணம் போடும் லிக்விட் ஃபண்டில் போட்டு, ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாதாமாதம் பணத்தை நகர்த்தும் எஸ்டிபி மூலம் மாதம் ஒரு லட்சமாக 12 மாதத்தில் பங்குச்சந்தை ஃபண்டுக்கு மாற்றலாம். அதே 12 மற்றும் 6 சதவீத அனுமானத்தில் ஓர் ஆண்டு முடிவில் அது 13.10 லட்சம், ஒரே நாளில் போட்டிருந்தால் 13.44. தள்ளிப்போடும் செலவு 34,000 ரூபாய். முதல் மாதமே சந்தை 20 சதவீதம் விழுந்து 12 லட்சம் 9.6 ஆனால் அவரால் தூங்க முடியுமா என்பதற்கு எதிரே அந்த 34,000ஐ வைத்துப் பார்க்கச் சொன்னேன்.

"ஆறு மாதத்தில் மாற்றினால் செலவு பாதியாகுமா?" என்று கேட்டார். ஏறத்தாழ பாதிதான். ஆறு மாதம் என்று முடிவு செய்திருக்கிறார். தங்கை தன் 10,000ஐத் தொடர்கிறாள். அந்த இரண்டு சூத்திரங்களையும் திரையில் விட்டுவைக்கிறேன், வீடியோவை நிறுத்தி எழுதிக்கொள்ளுங்கள். 1.12க்குப் பதில் 1.08, 1.10 என்று மாற்றிப் போட்டுப் பார்த்தால் அந்தப் பெரிய மூட்டை எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்று தெரியும்.